எரிக்கும் ஆடி முதல் டிஷ் ஆண்டெனா வரை

டார்ச் விளக்கின் முகப்பைத் திருகிக் கழற்றிப் பாருங்கள். பல்பைச் சுற்றிப் பளபளக்கும் சிறு கிண்ணம் ஒன்று இருக்கும். அதைக் கழற்றிவிட்டுப் பல்பை மட்டும் எரித்தால் ஒளி நாற்புறமும் சிதறிப்போகும். கிண்ணத்தைப் பொருத்தியதும் அதே ஒளி ஒரு கற்றையாகி எதிர்ச் சுவரை எட்டுகிறது. இனி மொட்டைமாடியில் உள்ள டிஷ் ஆண்டெனாவைப் பாருங்கள். அதுவும் ஒரு கிண்ணந்தான். விளக்குக்கும் ஆண்டெனாவுக்கும் ஒரே வடிவம் ஏன்? கிண்ணம் என்றால் பந்தைப் பாதியாக வெட்டியது போன்ற உருண்டை வடிவம் போதாதா?

இக்கேள்வியை முதலில் எழுப்பியவர்கள் விளக்குச் செய்பவர்கள் அல்லர். சூரிய ஒளியைக் குவித்து நெருப்பு மூட்ட விரும்பிய கிரேக்கர்கள்.

டயோக்ளிஸின் நூல்

கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்தவர் டயோக்ளிஸ் என்னும் கணித அறிஞர். 'எரிக்கும் ஆடிகள்' பற்றி அவர் ஒரு நூல் எழுதினார். அதன் கிரேக்க மூலம் மறைந்துவிட்டது. பிற்காலத்தார் எடுத்தாண்ட சில பகுதிகளே மிஞ்சின. ஆனால் நூலின் அரபு மொழிபெயர்ப்பு ஈரானிலுள்ள மஷ்ஹத் நகர நூலகத்தில் காக்கப்பட்டிருந்தது. டூமர் என்ற அறிஞர் அதை ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1976இல் வெளியிட்டார். அதன் பிறகே இவ்வரலாறு தெளிவாயிற்று.

நூலின் முன்னுரையில் டயோக்ளிஸ் ஒரு செய்தி கூறுகிறார். ஸெனோடோரஸ் என்னும் வானியலார் கிரேக்க நாட்டின் ஆர்க்காடியாப் பகுதிக்கு வந்தபோது, சூரியனை நோக்கி வைத்தால் கதிர்கள் யாவும் ஒரே புள்ளியில் கூடி எரிக்கும்படியான ஆடியின் வடிவம் எது என்று கேட்டாராம். டோசிதியஸ் என்பவர் அத்தகைய ஆடியைச் செய்முறையில் அமைத்திருந்தார். அது ஏன் அவ்வாறு செயற்படுகிறது என்பதற்கு நிறுவல் தந்தவர் டயோக்ளிஸ். அவ்வடிவந்தான் பரவளையம்.

உருண்டை ஆடியின் குறை

கோள வடிவக் குழியாடியும் வெயிலைக் குவிக்கத்தான் செய்யும். ஆனால் முழுமையாக அன்று. ஆடியின் வளைவு ஆரம் 100 செ.மீ. என்று கொள்வோம். அச்சுக்கு மிக அருகில் வரும் கதிர்கள் ஆடியின் நடுவிலிருந்து 50 செ.மீ. தொலைவில் அச்சை வெட்டும். அச்சிலிருந்து 50 செ.மீ. தள்ளி வரும் கதிரோ 42 செ.மீ. தொலைவிலேயே அச்சைக் கடந்துவிடும். இன்னும் தள்ளி, 87 செ.மீ. அளவில் வரும் கதிர் ஆடியின் நடுவிலேயே போய் விழும்! ஆடியை அகலமாக்க ஆக்க ஒளி ஒரு புள்ளியில் கூடாமல் அச்சின் நெடுகிலும் பரவுகிறது.

டார்ச்சுக்கும் இதே குறை உண்டு. உருண்டைக் கிண்ணத்தில் பல்பை எங்கு வைத்தாலும், நடுப்பகுதியிலிருந்து வரும் கதிர்கள் நேராகச் சென்றால் ஓரக் கதிர்கள் கோணலாகச் செல்லும்.

ஒரு தாளில் நிறுவல்

பரவளையம் என்பது என்ன? ஒரு புள்ளியிலிருந்தும் ஒரு நேர்கோட்டிலிருந்தும் சம தொலைவில் இருக்கும் புள்ளிகளால் ஆன வளைவு. அப்புள்ளிக்குக் குவியம் என்றும், அக்கோட்டுக்கு இயக்குவரை என்றும் பெயர். இந்தச் சம தொலைவு ஒன்றே எல்லாவற்றுக்கும் திறவுகோல்.

டயோக்ளிஸ் தொடுகோட்டின் வேறொரு பண்பைக் கொண்டு நிறுவினார். நாம் ஒரு வெள்ளைத்தாளைக் கொண்டே நிறுவிவிடலாம். தாளின் கீழ் விளிம்பை இயக்குவரையாகக் கொள்ளுங்கள். விளிம்பின் நடுவுக்கு நேர் மேலே 4 செ.மீ. உயரத்தில் ஒரு புள்ளியிடுங்கள். அது குவியம். விளிம்பில் 1 செ.மீ.க்கு ஒரு புள்ளியாகக் குறியுங்கள். ஒவ்வொரு புள்ளியும் குவியத்தின் மீது படியுமாறு தாளை மடித்து, மடிப்பை நகத்தால் அழுத்தி, மீண்டும் விரியுங்கள். இருபது மடிப்புகள் ஆனதும் அவற்றின் நடுவே ஓர் அழகிய வளைவு தோன்றும். அதுவே பரவளையம். மடிப்புகள் யாவும் அதன் தொடுகோடுகள்.

இதன் காரணத்தைக் காண்போம். விளிம்பில் ஒரு புள்ளியை எடுத்து அதற்கு D என்று பெயரிடுங்கள். குவியம் F. D-ஐ F மீது வைத்து மடித்ததால், மடிப்பின் மேலுள்ள எந்தப் புள்ளியும் D-க்கும் F-க்கும் சம தொலைவில் இருக்கும். D-யிலிருந்து விளிம்புக்குச் செங்குத்தாக ஒரு கோடு எழுப்பினால், அது மடிப்பை வெட்டும் இடம் P. P-யிலிருந்து விளிம்புக்கு உள்ள தொலைவு PD. அது PF-க்குச் சமம். ஆகவே P பரவளையத்தின் மேல் உள்ளது. மடிப்பின் மேலுள்ள வேறு எந்தப் புள்ளியிலிருந்தும் D-க்குச் செல்லும் கோடு சாய்வானது. எனவே அது விளிம்புக்கு உள்ள நேர் தொலைவைவிட நீளமானது. அப்புள்ளி வளைவின் மேல் இருக்க முடியாது, வெளியேதான் இருக்கும். ஆகையால் மடிப்பு P என்னும் ஒரே இடத்தில் வளைவைத் தொட்டுச் செல்கிறது.

இனி மேலிருந்து அச்சுக்கு இணையாக ஓர் ஒளிக்கதிர் இறங்கி P-யில் படுவதாகக் கொள்வோம். வளைவு இல்லையேல் அது நேரே D-க்குப் போயிருக்கும். PD என்னும் கோடும் PF என்னும் கோடும் மடிப்புடன் சம கோணம் ஆக்குகின்றன. மடித்தபோது ஒன்றின் மேல் ஒன்று படிந்தவை அல்லவா அவை? வந்த கதிர் மடிப்புடன் ஆக்கும் கோணம், PD ஆக்கும் கோணத்துக்குக் குத்தெதிர்க் கோணம். எனவே அதுவும் சமமே. படும் கோணமும் திரும்பும் கோணமும் சமம் என்பது ஒளியின் விதி. ஆகவே கதிர் திரும்பி F-க்கே செல்கிறது. P எங்கிருந்தாலும் இதே கதைதான்.

ஒளியின் பாதையைத் திருப்பிப் போட்டால் டார்ச் விளக்கு கிடைக்கிறது. குவியத்திலிருந்து புறப்படும் ஒளி கிண்ணத்தில் பட்டு அச்சுக்கு இணையாக வெளியேறுகிறது. ஆனால் பல்பின் இழை கணிதப் புள்ளி அன்று. குவியத் தொலைவு 1 செ.மீ. என்றும், இழையின் நீளம் 2 மி.மீ. என்றும் கொண்டால், கற்றை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு விகிதத்தில் விரியும். அதாவது 10 மீட்டர் தொலைவில் 2 மீட்டர் அகல வெளிச்சம் விழும். இதனால்தான் சிறிய ஒளிமூலமும் பெரிய கிண்ணமும் சேர்ந்தால் கற்றை தொலைதூரம் செல்கிறது. பல்பு குவியத்தை விட்டு முன்னோ பின்னோ நகர்ந்திருந்தால் சுவரில் ஒளி வட்டத்தின் நடுவே இருண்ட வளையம் தெரிவதுண்டு. முகப்பைத் திருகிச் சரிசெய்வது இக்குறையைப் போக்கவே.

ஹெர்ட்ஸின் துத்தநாகத் தகடுகள்

இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு இதே வளைவு புதிய வேலைக்கு வந்தது. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ், மின்பொறியிலிருந்து கிளம்பும் கண்ணுக்குத் தெரியாத அலைகளும் ஒளியைப் போலவே திரும்புமா என்று ஆராய்ந்தார். முதலில் அவர் பல மீட்டர் நீளமுள்ள அலைகளைக் குவிக்க முயன்று தோற்றார். காரணம் வளைவில் இல்லை; அலையின் நீளத்துக்கு முன் ஆடி மிகச் சிறியதாக இருந்தது. அலையைவிடப் பலமடங்கு பெரிய ஆடியால்தான் அதைக் கற்றையாக்க முடியும்.

எனவே அலையைச் சிறிதாக்கினார். 1888இல் சுமார் 66 செ.மீ. நீளமுள்ள அலைகளை உண்டாக்கினார். 2 மீட்டர் நீளமுள்ள துத்தநாகத் தகட்டைப் பரவளைய வடிவில் வளைத்து, ஒரு தொட்டியைச் செங்குத்தாக நிறுத்தியது போல் அமைத்தார். அதன் வாய் அகலம் 1.2 மீட்டர்; ஆழம் 0.7 மீட்டர். இவ்வளவுகளைக் கொண்டு குவியத்தின் இடத்தை நீங்களே கணக்கிடலாம். வாய் அகலத்தின் வர்க்கத்தை ஆழத்தின் 16 மடங்கால் வகுக்க வேண்டும்.

1.2 × 1.2 ÷ (16 × 0.7) = 0.129

அதாவது சுமார் 13 செ.மீ. ஹெர்ட்ஸ் குறித்துள்ள குவியத் தொலைவு 12.5 செ.மீ. அங்கேதான் அவர் பொறிக்கம்பியை வைத்தார். எதிரே அதே போன்ற இன்னொரு தகட்டின் குவியக் கோட்டில் வாங்கும் கம்பிகளை வைத்தார். ஆடிகள் இல்லாதபோது ஓரிரு மீட்டரிலேயே மங்கிய விளைவை, ஆடிகள் இருந்தபோது 16 மீட்டர் வரை காண முடிந்தது.

சேர்ந்து வரும் அலைகள்

இங்கே பரவளையத்தின் இன்னொரு நன்மையும் வேலை செய்கிறது. ஒரே இடத்தில் கூடும் அலைகள் ஒன்றின் முகடும் மற்றொன்றின் பள்ளமும் சேர்ந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். எல்லாம் முகடோடு முகடாக வந்தால்தான் வலிமை கூடும். அதற்கு அவை கடந்த தூரங்கள் சமமாக இருக்க வேண்டும்.

மடித்த தாளுக்கே திரும்புங்கள். கதிர் மேலிருந்து P-க்கு வந்து, பிறகு F-க்குச் செல்கிறது. PF-உம் PD-யும் சமம் என்பதால், மொத்தத் தூரம் மேலிருந்து நேரே D-க்குச் செல்லும் தூரமே. எல்லாக் கதிர்களுக்கும் அது ஒன்றுதான். நடுவில் பட்டதும் ஓரத்தில் பட்டதும் ஒரே நேரத்தில் குவியத்தை அடைகின்றன.

கிண்ணம் நெளிந்தால் இந்தச் சமநிலை கெடும். நெளிவு 1 மி.மீ. என்றால், அலை போகும்போதும் வரும்போதும் சேர்த்துப் பாதை ஏறத்தாழ 2 மி.மீ. மாறும். வீட்டு டிஷ் ஆண்டெனா வாங்கும் அலையின் நீளம் சுமார் 2.5 செ.மீ. ஆதலால் ஒரு மில்லிமீட்டர் குழியை அது பொறுத்துக்கொள்ளும். ஆறு மில்லிமீட்டர் குழி விழுந்தால், அந்தப் பகுதி உதவுவதற்கு மாறாக மற்றப் பகுதிகளின் வேலையைக் கெடுக்கும். ஒளியின் அலைநீளமோ ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. ஆகவேதான் தொலைநோக்கி ஆடியை அவ்வளவு நுட்பமாகத் தேய்க்க வேண்டியிருக்கிறது.

நீண்ட அலைகளுக்கு இதற்கு நேர்மாறு. உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில் 1970இல் அமைந்த வானொலித் தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடையது. ஹெர்ட்ஸின் தகட்டைப் போல அதுவும் பரவளையத் தொட்டி வடிவமே. ஆனால் அதில் தகடு இல்லை. 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகள் இழுத்துக் கட்டப்பட்டுள்ளன. கம்பிகளுக்கிடையே சுமார் 3 செ.மீ. இடைவெளி. வாங்கும் அலையின் நீளம் 92 செ.மீ. என்பதால், அந்த அலைக்கு அக்கம்பி வரிசை முழுத் தகடாகவே தோன்றுகிறது. காற்று மட்டும் தடையின்றி ஊடே புகுந்து செல்கிறது.

உங்கள் வீட்டு டிஷ்ஷின் வாங்கி நடுவில் இல்லாமல் கீழ்ப்புறத்திலிருந்து நீளும் கையின் நுனியில் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அதைக் கண்டு அது பரவளையம் அன்று என எண்ணிவிடாதீர்கள். ஒரு பெரிய பரவளையக் கிண்ணத்தின் அடிமையத்துக்கு மேலே உள்ள பகுதியை மட்டும் வெட்டி எடுத்தது போன்றது அது. குவியம் பழைய இடத்திலேயே இருப்பதால் வாங்கி கீழே ஒதுங்கி நிற்கிறது. வரும் அலைகளின் வழியில் அதன் நிழல் விழுவதில்லை. தாளில் நீங்கள் இட்ட மடிப்புகளுள் ஒரு பக்கத்தவற்றை மட்டும் பாருங்கள். அவையும் அதே குவியத்தையே நோக்கிக் கதிர்களை அனுப்பும்.