வானிலை வரைபடத்தில் காற்றையும் மழையையும் படிப்பது எப்படி? ஒக்கி புயல் சொல்லும் பாடம்

புயல் செய்தி வந்தால் வாட்ஸ்அப்பில் முதலில் வருவது ஒரு வரைபடம்தான். கடல் மேல் வட்ட வட்டமாகக் கோடுகள், நடுவில் 'L' என்ற எழுத்து. அந்தக் கோடுகளைப் படிக்கத் தெரிந்தால், உங்கள் ஊரில் காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கும், அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்பதை நீங்களே ஓரளவு கணிக்கலாம்.

இதை ஒரு நிஜ ஊரை வைத்துப் பார்ப்போம். நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவில், கன்னியாகுமரி - திருவனந்தபுரம் சாலையில் இருக்கிறது உதியன்குளங்கரை. ஒரு பக்கம் அகத்தியமலை, மறுபக்கம் அரபிக்கடல். நாள்: 2017 நவம்பர் 30. ஒக்கி புயல் உருவான நாள்.

அந்தக் கோடுகள் எதைக் காட்டுகின்றன?

ஒரே காற்றழுத்தம் உள்ள இடங்களை இணைத்து வரைவதுதான் சமஅழுத்தக் கோடு, அதாவது ஐசோபார். இந்திய வானிலை ஆய்வு மையத்தின் வரைபடங்களில் பொதுவாக 2 ஹெக்டோபாஸ்கலுக்கு ஒரு கோடு இருக்கும்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். கோடுகள் நெருக்கமாக இருந்தால் காற்று வலுவாக இருக்கும். மையத்தைச் சுற்றி முழுதாக மூடிய கோடுகள் அதிகமாக இருந்தால் அமைப்பும் வலுவாக இருக்கும். மூடிய கோடு ஒன்று என்றால் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. இரண்டு என்றால் தாழ்வு மண்டலம், மூன்று என்றால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். நான்கோ அதற்கு மேலோ இருந்தால் புயல் என்பது மையத்தின் கணக்கு. கடலில் இதைக் காற்றின் வேகத்தை வைத்து முடிவு செய்கிறார்கள். மணிக்கு 62 கி.மீ.யைத் தொட்டால் புயல்.

காற்றின் திசையை எப்படிக் கண்டுபிடிப்பது?

பூமியின் வடபாதியில் தாழ்வழுத்தத்தைச் சுற்றி காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். இதை நினைவில் வைக்க ஒரு எளிய வழி இருக்கிறது. காற்று உங்கள் முதுகில் படும்படி நில்லுங்கள். தாழ்வழுத்த மையம் உங்கள் இடது கைப் பக்கம் இருக்கும். 19ஆம் நூற்றாண்டு டச்சு விஞ்ஞானி பைஸ் பாலட்டின் பெயரில் வழங்கும் விதி இது.

தரையின் உராய்வால் காற்று கோட்டை ஒட்டியே ஓடாது, மையத்தை நோக்கிக் கொஞ்சம் சாய்ந்து போகும். அதனால் மையம் நேர் இடதில் இல்லாமல் இடது முன்பக்கமாக இருக்கும்.

இப்போது உதியன்குளங்கரைக்கு வருவோம். நவம்பர் 30 காலை 8.30 மணிக்கு ஆழ்ந்த தாழ்வு மண்டலம் ஒக்கி புயலாக மாறியபோது, அதன் மையம் கன்னியாகுமரிக்குத் தெற்கே சுமார் 60 கி.மீ. தொலைவில் இருந்தது. உதியன்குளங்கரையிலிருந்து பார்த்தால் அது தெற்கு-தென்கிழக்கில், சுமார் 100 கி.மீ. தூரத்தில். இடது கையை அந்தத் திசைக்கு நீட்டினால் உங்கள் முகம் கடலை நோக்கி, மேற்கு-தென்மேற்காக இருக்கும். காற்று உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து, அதாவது கிழக்கு-வடகிழக்கிலிருந்து வரும். உராய்வையும் சேர்த்தால் ஏறக்குறைய வடகிழக்கு.

அப்படியென்றால் காற்று மலையிலிருந்து கடலை நோக்கி அடிக்கிறது. கடலில் இருக்கும் படகைக் கரையை விட்டு விலக்கித் தள்ளுகிற காற்று அது. அமைப்பு புயலாக வலுப்பெற்றபோது இந்தக் கரையோர மீனவர்கள் பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தார்கள். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள்.

அடுத்து காற்று எப்படித் திரும்பும்?

ஒக்கி மேற்கு-வடமேற்காக நகர்ந்து லட்சத்தீவை நோக்கிப் போனது. அதே இடது கையை மையத்தோடு சேர்த்து நகர்த்துங்கள். மையம் நேர் தெற்கே வந்தால் காற்று கிழக்கிலிருந்து வரும். தென்மேற்கே போனால் தென்கிழக்கிலிருந்து, மேற்கே போனால் தெற்கிலிருந்து வரும்.

ஆக, காற்று வடகிழக்கு, கிழக்கு, தென்கிழக்கு, தெற்கு என்று கடிகார முள் திசையில் திரும்பினால், மேற்கே நகரும் மையம் உங்களுக்குத் தெற்கே கடந்து போகிறது என்று பொருள். எதிர்த்திசையில், வடகிழக்கு, வடக்கு, வடமேற்கு என்று திரும்பினால் மையம் உங்களுக்கு வடக்கே போகிறது. திசை மாறாமல் வேகம் கூடிக்கொண்டே போய், அழுத்தமும் குறைந்தால் எச்சரிக்கை: மையம் உங்களை நோக்கியே வருகிறது.

மழை எங்கே பெய்யும்?

காற்றின் திசை தெரிந்தால் அடுத்த கேள்வி: அது எதன் மேலிருந்து வருகிறது, எதில் மோதுகிறது? ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏறும் பக்கத்தில்தான் மழை கொட்டும். ஒக்கியின்போது கிழக்குக் காற்று மேற்குத்தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் மோதியது. டிசம்பர் 1 காலை வரையிலான 24 மணி நேரத்தில் திருநெல்வேலி மாவட்டம் பாபநாசத்தில் 45 செ.மீ. மழை பதிவானது. மையம் மேற்கே போன பிறகு காற்று தெற்கிலிருந்து, கடல் ஈரத்தோடு கேரளப் பக்கம் வரும். 'புயல்தான் தாண்டிப் போயிடுச்சே' என்று நினைக்கும் நேரத்திலும் மழை தொடர இது ஒரு காரணம்.

நீல முக்கோணம், சிவப்பு அரைவட்டம்: அது என்ன?

லண்டனிலோ டொராண்டோவிலோ இருப்பவர்கள் பார்க்கும் வரைபடங்களில் இவை இருக்கும். வெவ்வேறு வெப்பநிலை கொண்ட இரண்டு காற்றுத் திரள்கள் சந்திக்கும் எல்லைக்கு வளிமுகம், அதாவது ஃப்ரண்ட் என்று பெயர். நீல முக்கோணம் என்றால் குளிர் முகம். குறுகிய நேரத்துக்கு வலுத்த மழை பெய்யும், பிறகு குளிர் கூடும். சிவப்பு அரைவட்டம் என்றால் வெப்ப முகம். அது வருவதற்கு முன்பே நெடுநேரம் சீரான மழை இருக்கும். முக்கோணமும் அரைவட்டமும் எந்தப் பக்கம் துருத்திக்கொண்டிருக்கிறதோ, அந்தப் பக்கம் முகம் நகர்கிறது.

கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் இவற்றைத் தேட வேண்டாம். வெப்பமண்டலத்தில் பக்கத்துப் பக்கத்துக் காற்றுகளுக்கு இடையே அவ்வளவு வெப்பநிலை வேறுபாடு இருக்காது. இங்கே பார்க்க வேண்டியது, சமஅழுத்தக் கோடுகள் நீளவாக்கில் வளைந்து தொங்கும் இடம். அதுதான் தாழ்வழுத்தப் பள்ளம். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் குஜராத் முதல் கேரளம் வரை கரையை ஒட்டி இப்படி ஒரு பள்ளம் உருவானால், மேற்குக் கரையில் கனமழை வாய்ப்பு கூடும்.

எங்கே தவறு நடக்கும்?

சுழற்சிக்குக் காரணமான பூமியின் விசை நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கக் குறையும். உதியன்குளங்கரையில் அது லண்டனில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. எனவே வலுவான அமைப்பு இல்லாத நாட்களில் இடது கை விதி இங்கே சரியாக வேலை செய்யாது. கடற்காற்றும் மலைக்காற்றும்தான் திசையைத் தீர்மானிக்கும்.

இன்னொன்று, போனில் இருக்கும் அழுத்தமானி. நம் பகுதியில் அழுத்தம் தினமும் காலை 10 மணி வாக்கில் உச்சத்துக்குப் போய், மாலை 4 மணி வாக்கில் சுமார் 3 ஹெக்டோபாஸ்கல் இறங்கும். அது புயல் அறிகுறி இல்லை. இன்று காலை 8.30 அளவை நேற்று காலை 8.30 அளவோடுதான் ஒப்பிட வேண்டும். அதேபோல வரைபடம் எந்த நேரத்துக்கானது என்பதையும் பாருங்கள். 00 UTC என்றிருந்தால் நம் நேரம் காலை 5.30, 03 UTC என்றால் 8.30.

மாலை இடிமழை போன்ற சிறிய அமைப்புகள் இந்தக் கோடுகளில் தெரியவே தெரியாது. அதற்கு ரேடார் படம் வேண்டும். கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்ற முடிவுக்கு வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையைத்தான் பார்க்க வேண்டும். அந்த எச்சரிக்கையில் 'காற்று வடகிழக்கிலிருந்து, பிறகு தென்கிழக்காக மாறும்' என்று ஒரு வரி இருந்தால், அது ஏன் என்று உங்கள் இடது கையை வைத்தே சரிபார்க்கலாம்.