சராசரி இறங்கியது, கூலி ஏறியது

ஆம்பூரில் தோல் பதனிடும் ஆலைகளும் காலணித் தொழிற்சாலைகளும் ஒரே ஊரில் இயங்குகின்றன. இரண்டையும் கூட்டிப் போட்ட கூலி வரைபடத்தை யார் நீட்டினாலும், பிரித்துக் கேளுங்கள் என்போம்.

விளக்கத்திற்காக நாம் வகுத்த எண்கள் இவை. முதல் ஆண்டில் பதனிடுவோர் 100 பேர், நாள்கூலி 500 ரூபாய். காலணி தைப்போர் 100 பேர், 300 ரூபாய். சராசரி 400. சில ஆண்டுகளில் பதனிடுவோர் 50 பேராகி 550 ரூபாயும், தைப்போர் 150 பேராகி 330 ரூபாயும் பெறுகின்றனர். இரு பிரிவிலும் கூலி 10 விழுக்காடு ஏறியிருக்க, சராசரியோ 385க்கு இறங்குகிறது. குறைகூலிப் பிரிவில் ஆட்கள் பெருகியதே காரணம்.

புள்ளியியலில் இதற்குச் சிம்ப்சன் முரண் என்று பெயர். 1973இல் பெர்க்லி பல்கலைக்கழக மேற்படிப்புச் சேர்க்கையில் மொத்தமாக ஆண்கள் 44, பெண்கள் 35 விழுக்காடு இடம்பெற்றனர். ஆறு பெரிய துறைகளைப் பிரித்துப் பார்த்தபோது நான்கில் பெண்களின் விகிதமே மிகுந்திருந்தது.

இரண்டையும் ஒரே படத்தில் காட்டலாம். பிரிவுகளுக்கு மெல்லிய கோடுகள், மொத்தத்திற்குத் தடித்த கோடு. கோட்டின் புள்ளிகள் ஆட்தொகைக்கேற்பப் பெரிதாகவோ சிறிதாகவோ இருக்கட்டும். பழைய ஆள்விகிதம் மாறாதிருந்தால் சராசரி 440 ஆகியிருக்கும் என்பதையும் அருகே குறிக்கவேண்டும். இடைப்பட்ட 55 ரூபாய், ஆட்களின் பகிர்வு மாறியதன் விளைவு.

பிரித்த படத்தை மட்டும் காட்டி ‘எல்லோருக்கும் உயர்வு’ என்பதும் பொய்யே. பதனிடும் வேலை போய்த் தைக்கச் சென்றவருக்கு 500 ரூபாய் 330 ஆகிவிட்டது. அவர் எந்தச் சாதி, ஆணா பெண்ணா என்று அடுத்த பிரிப்பில் கேட்கவேண்டும்.

இன்னொன்று: 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து, ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்திற்குச் சென்றது. ‘வேலூர்’ என்னும் கோடு அவ்வாண்டில் திரும்பினால் முதலில் எல்லையைச் சரிபாருங்கள்.