கடன் தீரும் காலம்: பிழைப்புக்கால மாதிரி

கடன் வழங்கிய நாளிலிருந்து அது முழுதாக அடையும் வரையிலான காலத்தைக் கணிக்கும் புள்ளியியல் முறை. புதுச்சேரியில் 2008-இல் புதுவை பாரதியார் கிராம வங்கி என்ற பெயரில் தொடங்கிய வங்கி போன்றவை சுயஉதவிக் குழுக்களுக்குத் தரும் கடன்களுக்கு இது பொருந்தும்.

கணக்கெடுக்கும் நாளில் சில கடன்கள் இன்னும் அடைந்திருக்காது. இவை ‘சென்சார்’ ஆன பதிவுகள்: இத்தனை மாதம் வரை தீரவில்லை என்பது மட்டுமே தெரியும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஐந்து கடன்களில் மூன்று 10, 18, 20 மாதங்களில் தீர்ந்தன. மற்ற இரண்டும் கணக்கெடுத்த நாளில் முறையே 14, 24 மாதங்களில் நிலுவையோடு நின்றன. தீர்ந்தவற்றை மட்டும் பார்த்தால் இடைநிலைக் காலம் 18 மாதம்.

கப்ளானும் மையரும் 1958-இல் வெளியிட்ட முறை நிலுவைக் கடன்களையும் சேர்க்கிறது. 10-ஆம் மாதத்தில் ஐந்தில் ஒன்று தீர, தீராதிருக்கும் வாய்ப்பு 4/5 = 0.80. 14-ஆம் மாதக் கடன் விலகுவதால் 18-இல் கணக்கில் மூன்றே மீதம், 0.80 × 2/3 = 0.53. 20-இல் இரண்டில் ஒன்று தீர்கிறது, 0.53 × 1/2 = 0.27. வாய்ப்பு பாதிக்குக் கீழே இறங்குவது 20-ஆம் மாதத்தில். இடைநிலைக் காலம் அதுவே.

நிலுவை நிற்கும் காரணம் கடன் தீரும் வேகத்தோடு தொடர்பற்றதாக இருந்தால்தான் இம்முறை செல்லும். வாராக்கடன் என்று தள்ளுபடியானவற்றை சென்சார் பதிவாகக் கொள்ளக்கூடாது. அவற்றைப் போட்டி முடிவாகத் தனியே கணக்கிட வேண்டும்.