அயர்ன் பட்டர்ஃபிளையும் அயர்ன் காண்டரும்

பங்குக் குறியீடு பெரிதாக நகராது என்று கணிப்பவர்கள் கையாளும் இரண்டு ஆப்ஷன் உத்திகள். இரண்டிலும் ஒரு காலும் ஒரு புட்டும் விற்கப்படும். நஷ்டத்துக்கு வரம்பு கட்ட, இன்னும் தள்ளிய ஸ்ட்ரைக்குகளில் ஒரு காலும் ஒரு புட்டும் வாங்கப்படும். தேசியப் பங்குச் சந்தையில் நிஃப்டி ஆப்ஷன் வணிகம் 2001 ஜூனில் தொடங்கியது.

நிஃப்டி 24,000இல் இருப்பதாகக் கொள்வோம். பட்டர்ஃபிளையில் 24,000 காலையும் புட்டையும் விற்று, 24,300 காலையும் 23,700 புட்டையும் வாங்குகிறார்கள். கைக்கு வரும் நிகர பிரீமியம் 200 புள்ளி என்றால், அதிகபட்ச நஷ்டம் 100. லாப எல்லை 23,800 முதல் 24,200 வரை.

காண்டரில் 24,200 காலும் 23,800 புட்டும் விற்கப்படுகின்றன. 24,500 காலும் 23,500 புட்டும் வாங்கப்படுகின்றன. வரவு 90தான், நஷ்டம் 210 வரை போகலாம். ஆனால் லாப எல்லை 23,710 முதல் 24,290 வரை விரிகிறது.

எக்ஸ்பைரியில் குறியீடு 24,150இல் முடிந்தால் பட்டர்ஃபிளை 50 புள்ளி தரும், காண்டர் முழு 90ஐயும் தரும். பட்டர்ஃபிளையின் முழு 200 கிடைக்க, நிஃப்டி சரியாக 24,000இல் நிற்க வேண்டும். அது அரிது.

2024 ஜூன் 4, தேர்தல் முடிவு நாளில், நிஃப்டி ஏறக்குறைய 1,379 புள்ளி சரிந்தது. அத்தகைய சரிவில் இரண்டு உத்திகளும் முழு நஷ்டத்தைத் தொடும். மேற்கண்ட கணக்கில் காண்டரின் அடி இரு மடங்குக்கும் மேல்.