குறட்டை திடீரென நின்றால்: இரவுத் தூக்கப் பரிசோதனை பற்றி அறிவோம்

பலமாகக் குறட்டை விடுபவரை ‘நன்றாக அசந்து தூங்குகிறார்’ என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. ஆனால் உடல் பருமன் உள்ள ஒருவரின் குறட்டை நடுவில் சட்டென்று அடங்கி, சிறிது நேரம் கழித்து மூச்சுத் திணறலோடு மறுபடியும் தொடங்கினால், அது நல்ல தூக்கம் அல்ல. ‘ஸ்லீப் அப்னியா’ என்னும் தூக்க மூச்சுத்தடையாக இருக்கலாம்.

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. கழுத்திலும் நாக்கிலும் கொழுப்பு சேர்ந்தவர்களுக்கு ஏற்கெனவே குறுகலாக உள்ள மூச்சுப்பாதை அப்போது அடைபடுகிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்ததும் மூளை சில வினாடிகள் விழித்து மூச்சை மீட்கிறது. காலையில் இது எதுவும் அவருக்கு நினைவிருக்காது. எட்டு மணி நேரம் படுத்தும் பகலில் பயான் கேட்கும்போதும், வாகனம் ஓட்டும்போதும் கண் சொக்குவது இதனால்தான்.

இதை உறுதிசெய்ய இரவுப் பரிசோதனை வேண்டும். மருத்துவமனையில் செய்யும்போது தலை, கண்ணோரம், தாடை, நெஞ்சு, கால் ஆகியவற்றில் சென்சார்களை ஒட்டுவார்கள். மூக்கருகே ஒரு குழாய், நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டைகள், விரலில் ஆக்சிஜன் கிளிப் இருக்கும். ஊசி கிடையாது, வலியும் இல்லை. கழிப்பறைக்கோ ஃபஜ்ருக்கோ எழ வேண்டுமானால் ஊழியர் வயர்களைக் கழற்றிவிடுவார். அன்று தலையில் எண்ணெய் தேய்க்கக் கூடாது, சென்சார் ஒட்டாது. தூக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

மூச்சு 10 வினாடிகளாவது நின்ற அல்லது வெகுவாகக் குறைந்த தடவைகளை எண்ணி, தூங்கிய மணி நேரத்தால் வகுப்பார்கள். மணிக்கு 5 முதல் 15க்குள் இருந்தால் லேசானது, 15 முதல் 30க்குள் மிதமானது, 30ஐத் தொட்டால் கடுமையானது.

வீட்டிலேயே செய்யும் சிறிய கருவியும் உண்டு. பெரும்பாலும் அதில் மூளை அலைப் பதிவு இல்லாததால், எவ்வளவு நேரம் உண்மையில் தூங்கினார் என்று அதற்குத் தெரியாது. சரக்கு வேன் ஓட்டும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கருவி 8 மணி நேரம் பதிவு செய்து 80 தடைகளைக் காட்டினால், கணக்கு மணிக்கு 10, அதாவது ‘லேசானது’. ஆனால் அவர் தூங்கியது 5 மணி நேரம்தான் என்றால் உண்மைக் கணக்கு 16, அதாவது ‘மிதமானது’. மூளை விழித்தும் ஆக்சிஜன் அதிகம் குறையாத தடைகள் அந்தக் கருவியில் விடுபடவும் கூடும்.

ஆகவே வீட்டுப் பரிசோதனையில் ‘ஒன்றுமில்லை’ என்று வந்தும் பகல் தூக்கம் தொடர்ந்தால், மருத்துவமனையில் ஓர் இரவு தங்கிச் செய்யும் பரிசோதனையை மருத்துவரிடம் கேட்க வேண்டும். அதுவரை தூக்கக் கலக்கத்தோடு வாகனம் ஓட்ட வேண்டாம். நோய் உறுதியானால், காற்றழுத்தத்தால் தொண்டையைத் திறந்து வைக்கும் சிபாப் முகமூடியும் எடைக் குறைப்பும் நல்ல பலன் தரும். மருத்துவரைப் பார்க்கச் செல்லும்போது மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள். மூச்சு நின்றதைக் கண்டவர் அவர்தான்.