நைட்டு 'டூ நாட் டிஸ்டர்ப்' போட்டா மாத்திரை ரிமைண்டர் அடிக்குமா? எது தாண்டி வரும், எது காலை வரை காத்திருக்கும்?

இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை போன் சத்தமே போடக் கூடாது என்று 'டூ நாட் டிஸ்டர்ப்' வைத்திருப்பவர்கள் ஏராளம். குரூப் மெசேஜ், ஆஃபர் அறிவிப்பு என எதுவும் தூக்கத்தைக் கெடுக்காது. ஆனால், மாத்திரை போடச் சொல்லும் ரிமைண்டரும் சேர்ந்து அமைதியாகிவிட்டால்?

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அம்மாவுக்கு 8 மணி நேரத்துக்கு ஒரு முறை ஆன்டிபயாடிக் மாத்திரை. காலை 6, மதியம் 2, இரவு 10 என மூன்று வேளை. மகள் அம்மாவின் போனில் ஒரு ரிமைண்டர் ஆப் போட்டு, மூன்று நேரத்தையும் பதிவு செய்துவிட்டார். அந்த போனில் இரவு 10 முதல் காலை 7 வரை டூ நாட் டிஸ்டர்ப் ஏற்கெனவே இருக்கிறது. விளைவு, மதிய ரிமைண்டர் மட்டும் அடிக்கும். மூன்றில் இரண்டு வேளை அமைதி நேரத்துக்குள் மாட்டிக்கொள்கிறது.

காலையில் மறுபடி அடிக்குமா?

பலரும் தப்பாகப் புரிந்துகொள்வது இந்த இடத்தில்தான். டூ நாட் டிஸ்டர்ப் என்பது ரிமைண்டரைத் தள்ளிப்போடுவது இல்லை. அதன் சத்தத்தை மட்டும் நிறுத்துகிறது. இரவு 10 மணி ரிமைண்டர் 10 மணிக்கே வந்துவிடும், சத்தமில்லாமல். காலை 7 மணிக்கு டூ நாட் டிஸ்டர்ப் முடிந்ததும், விட்டுப்போனதை எல்லாம் போன் மறுபடி அடித்துக் காட்டாது. யாராவது போனை எடுத்துப் பார்க்கும் வரை அது நோட்டிஃபிகேஷன் பட்டியலில் சும்மா கிடக்கும். கரண்ட் பில் கட்டச் சொல்லும் ரிமைண்டருக்கு இது போதும். மாத்திரைக்குப் போதாது.

அலாரம் வேற, ரிமைண்டர் வேற

போனில் உள்ள கடிகார ஆப்பில் வைக்கும் அலாரமும், வேறு ஆப்பில் வைக்கும் ரிமைண்டரும் போனின் பார்வையில் ஒன்று அல்ல. ஐபோனில் கடிகார அலாரம் டூ நாட் டிஸ்டர்ப் இருந்தாலும், சைலன்ட்டில் இருந்தாலும் அடிக்கும். ஆண்ட்ராய்டில் அலாரத்துக்குத் தனி வால்யூம் உண்டு. டூ நாட் டிஸ்டர்ப்பில் Alarms என்ற விதிவிலக்கு ஆனில் இருந்தால் அலாரம் அடிக்கும். ஆஃபில் இருந்தால் அதுவும் அடிக்காது. ரிமைண்டரோ சாதாரண நோட்டிஃபிகேஷனாகத்தான் வருகிறது. அதற்கு வழி விடச் சொல்லி நாம்தான் போனுக்குச் சொல்ல வேண்டும்.

ஆண்ட்ராய்டில் என்ன செய்யலாம்?

Settings-இல் Do Not Disturb பக்கத்துக்குப் போனால், Alarms & other interruptions என்ற பகுதி இருக்கும். போன் கம்பெனிக்கு ஏற்ப பெயர்கள் கொஞ்சம் மாறலாம். அதில் Alarms, Reminders, Calendar events என்று தனித்தனி பட்டன்கள் இருக்கும். Reminders-ஐ ஆன் செய்தால் எல்லா ரிமைண்டரும் அடித்துவிடும் என்று நினைக்க வேண்டாம். 'இது ரிமைண்டர்' என்று அந்த ஆப்பே முத்திரை குத்தி அனுப்பினால்தான் போன் அதை ரிமைண்டராக ஏற்கும். முத்திரை இல்லாமல் அனுப்பும் ஆப்புக்கு இந்த பட்டன் உதவாது.

அப்படிப்பட்ட ஆப்புக்கு இன்னொரு வழி உண்டு. ஆப்பின் ஐகானை அழுத்திப் பிடித்து App info போய், Notifications-ஐத் திறந்தால், அந்த ஆப் அனுப்பும் அறிவிப்புகள் வகை வகையாகப் பிரிந்து தெரியும். மாத்திரை ரிமைண்டர் வகையைத் தொட்டு Override Do Not Disturb என்பதை ஆன் செய்தால், அது மட்டும் இரவிலும் அடிக்கும். அதே ஆப்பின் விளம்பரமும் 'இந்த வார ரிப்போர்ட்'டும் காலை வரை சத்தமில்லாமல் இருக்கும்.

ஐபோனில் எப்படி?

2021-இல் வந்த ஐஓஎஸ் 15 முதல் டூ நாட் டிஸ்டர்ப், Focus என்ற பகுதிக்குள் வந்துவிட்டது. அங்கே குறிப்பிட்ட ஆப்பை அனுமதிக்கலாம், அல்லது Time Sensitive Notifications-ஐ ஆன் செய்யலாம். பக்கத்தில் உள்ள சின்ன பட்டன் சைலன்ட்டில் இருந்தால், இப்படித் தாண்டி வரும் அறிவிப்பும் சத்தம் போடாது. சைலன்ட்டையும் மீறி அடிப்பது Critical Alerts மட்டுமே. இதற்கு ஆப் நிறுவனம் ஆப்பிளிடம் தனி அனுமதி வாங்க வேண்டும் என்பதால் எல்லா ஆப்பிலும் இந்த வசதி கிடைக்காது. ஐபோனோடு வரும் Health ஆப்பில் மருந்துகளைப் பதிவு செய்தால், ஐஓஎஸ் 17 முதல் இந்த வசதி உண்டு. மாத்திரை போட்டதாக 30 நிமிடத்துக்குள் குறிக்காவிட்டால் இன்னொரு முறை நினைவுபடுத்தும்.

அந்த வீட்டில் என்ன மாற்றினால் சரியாகும்?

முதலில், டூ நாட் டிஸ்டர்ப் தொடங்கும் நேரத்தை 10-இலிருந்து 10.30 ஆக்கினாலே இரவு வேளை தானாகச் சரியாகிவிடும். மீதி இருப்பது காலை 6 மணி வேளை. அதற்கு Override-ஐ ஆன் செய்யலாம், அல்லது கடிகாரத்தில் 6 மணிக்கு அலாரம் வைத்து 'மாத்திரை' என்று பெயர் கொடுக்கலாம். ஆண்ட்ராய்டில் அலாரம் வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தூக்க நேர அட்டவணையில் 'அலாரம் அடித்ததும் டூ நாட் டிஸ்டர்ப் முடியட்டும்' என்ற தேர்வு ஆனில் இருந்தால், 6 மணியோடு அமைதி நேரமே முடிந்து எல்லா அறிவிப்பும் சத்தம் போட ஆரம்பித்துவிடும். 7 வரை அமைதி வேண்டுமென்றால் அதை ஆஃப் செய்ய வேண்டும்.

மகள் கூடுதல் பாதுகாப்புக்குப் போன் செய்தும் எழுப்பலாம். 'ரிப்பீட் காலர்' வசதி ஆனில் இருந்தால், ஒரே எண்ணிலிருந்து வரும் இரண்டாவது அழைப்பு அடிக்கும். ஆண்ட்ராய்டில் 15 நிமிடத்துக்குள், ஐபோனில் 3 நிமிடத்துக்குள் மறுபடி அழைக்க வேண்டும்.

காரணம் இதுதானா, பேட்டரியா?

எல்லாம் செட் செய்தும் ரிமைண்டர் அடிக்கவில்லை என்றால், காலையில் அது வந்த நேரத்தைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 11 முதல் Notification history என்ற பக்கம் உண்டு. அதை முன்கூட்டியே ஆன் செய்து வைக்க வேண்டும். 6.00 மணிக்கே வந்து சத்தம் மட்டும் இல்லை என்றால் டூ நாட் டிஸ்டர்ப் அல்லது வால்யூம்தான் காரணம். 7.15-க்கு போனை எடுத்தபோதுதான் வந்தது என்றால், பேட்டரியை மிச்சப்படுத்த போன் அந்த ஆப்பைத் தூங்க வைத்திருக்கலாம். அப்போது பேட்டரி செட்டிங்கில் அந்த ஆப்பை Unrestricted என்று மாற்ற வேண்டும்.

ராத்திரி வரை காத்திருக்காமல் பகலிலேயே சோதித்துவிடலாம். டூ நாட் டிஸ்டர்ப்பை ஆன் செய்து, 5 நிமிடம் கழித்து வருவது போல ஒரு ரிமைண்டர் வைத்து, திரையை அணைத்து போனைத் தள்ளி வையுங்கள். சத்தம் கேட்டால் இரவிலும் அது தாண்டி வரும். ஆனால் பேட்டரி தொல்லை 5 நிமிடத்தில் தெரியாது. அதற்கு மறுநாள் காலை வந்த நேரத்தையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். ஒரு வேளை ஏற்கெனவே விட்டுப்போயிருந்தால், இரண்டு மாத்திரையைச் சேர்த்துப் போடாமல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வதே சரி.