விண்டோஸ் 10 அக்டோபர் 2018 இற்றைப்படுத்தலும் அழிந்த கோப்புகளும்

2018 அக்டோபர் 2 அன்று மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 இயங்குதளத்தின் 1809 என்ற பதிப்பை வெளியிட்டது. அமைப்புகளுக்குள் சென்று தாமாகவே இற்றைப்படுத்தலைத் தேடியவர்களுக்கு மட்டும் அது முதலில் கிடைத்தது. மற்றவர்களின் கணினிகளுக்கு அக்டோபர் 9 முதல் தானாகச் செல்ல வேண்டும் என்பது திட்டம். ஆனால் அந்த நாள் வருவதற்கு முன்பே வெளியீடு நிறுத்தப்பட்டது. பதிப்பு மாறியபின் தங்கள் ஆவணங்களையும் படங்களையும் காணவில்லை என்று பயனர்கள் முறையிட்டிருந்தனர்.

இது நடந்த விதத்தை அறிய, விண்டோஸின் பழைய வசதி ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். Documents, Pictures, Desktop போன்ற கோப்புறைகள் வழக்கமாக C: இயக்ககத்தில் இருக்கும். பயனர் விரும்பினால் அவற்றை வேறு இயக்ககத்துக்குத் திருப்பிவிடலாம். ஒருவரது கணினியில் C: சிறியது, D: பெரியது என்று வைத்துக்கொள்வோம். அவர் Documents கோப்புறையை D: இயக்ககத்துக்குத் திருப்புகிறார். பழைய கோப்புகளையும் அங்கே நகர்த்தவா என்று விண்டோஸ் கேட்கிறது. அவர் வேண்டாம் என்கிறார். அன்று முதல் புதிய கோப்புகள் D: இயக்ககத்தில் சேர்கின்றன, பழையவை C: இயக்ககத்திலேயே கிடக்கின்றன. இதில் தவறு எதுவும் இல்லை. விண்டோஸே கேட்டு, விண்டோஸே அனுமதித்த நிலைதான்.

2018 ஏப்ரலில் வந்த முந்தைய பதிப்பில், இப்படித் திருப்பிவிட்டவர்கள் சிலரின் கணினிகளில் அதே பெயரில் வெற்றுக் கோப்புறை ஒன்று கூடுதலாகத் தோன்றியது. தொல்லை சிறியது, ஆனாலும் புகார்கள் வந்தன. அந்த வெற்றுக் கோப்புறைகளை நீக்க 1809 பதிப்பில் புதிய நிரல் சேர்க்கப்பட்டது. இற்றைப்படுத்தலின் படிகளை அடுக்கும் வரிசையிலும் வேறொரு மாற்றம் செய்யப்பட்டிருந்தது. இரண்டும் சேர்ந்தபோது, பழைய இடத்தில் இருந்த கோப்புறை உள்ளடக்கத்தோடு அழிந்தது. மேலே சொன்ன பயனருக்கு D: இயக்ககத்தில் உள்ளவை தப்பின, C: இயக்ககத்தில் விட்டுவைத்த பழைய கோப்புகள் போயின. ஒன்டிரைவ் செயலியின் ஆரம்பப் பதிப்புகளில் தானியங்கிச் சேமிப்பை இயக்கியவர்களுக்கும் இதே கதி. அச்செயலி கோப்புறையைத் திருப்பியதே தவிர, இருந்த கோப்புகளை நகர்த்தவில்லை. தம் கணினியில் அப்படியொரு திருப்பம் நடந்ததை அவர்களில் பலர் அறிந்தே இருக்க மாட்டார்கள்.

விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் `rmdir` என்று சாதாரணமாகத் தட்டச்சு செய்தால், காலியாக இல்லாத கோப்புறையை அது நீக்க மறுத்துவிடும். `/s` சேர்த்தால்தான் உள்ளிருப்பவற்றோடு அழிக்கும். ஒரு சின்னக் கட்டளை கேட்கும் அந்தக் கேள்வியை இந்தத் துப்புரவுப் பணி கேட்கவில்லை.

சோதனையில் இது ஏன் சிக்கவில்லை? புதிதாக நிறுவிய கணினியில் ஒருவர் எத்தனை முறை மேம்படுத்திப் பார்த்தாலும் இப்பிழை தெரியாது; அங்கே திருப்பிய கோப்புறையும் இல்லை, விட்டுவைத்த கோப்பும் இல்லை. பழைய பதிப்பில் அந்த நிலையை முதலில் உருவாக்க வேண்டும். கோப்புறையைத் திருப்பி, நகர்த்தலுக்கு வேண்டாம் என்று சொல்லி, சில கோப்புகளைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, பட்டியல் எடுக்க வேண்டும்:

```
dir /s /b C:\Users\test\Documents > D:\before.txt
```

மேம்படுத்தியபின் அதே கட்டளையால் `D:\after.txt` என்ற பட்டியலை எடுத்து ஒப்பிட வேண்டும்:

```
fc D:\before.txt D:\after.txt
```

பட்டியலில் பெயர்கள் குறைந்திருந்தால் கோப்புகள் போய்விட்டன என்று பொருள். இது பெயர்களை மட்டுமே காட்டும். பெயர் அப்படியே இருந்து உள்ளடக்கம் மாறியிருந்தால் இதில் தெரியாது.

கடினமான பகுதி கட்டளை அல்ல, எந்தெந்த நிலைகளை உருவாக்குவது என்பதுதான். பல ஆண்டுகள் புழங்கிய கணினிகளில் இத்தகைய நிலைகள் எண்ணற்றவை. அதற்காகத்தான் முன்னோட்டப் பதிப்புகளைத் தன்னார்வலர்களிடம் கொடுத்துப் பார்க்கிறார்கள். இந்தப் பிழையை அவர்களில் சிலர் வெளியீட்டுக்கு முன்பே தெரிவித்திருந்தார்கள் என்பதே இக்கதையில் மிக வருந்தத்தக்க பகுதி. ஆனால் அந்தப் புகார்களுக்குக் கிடைத்த ஆதரவு வாக்குகள் மிகச் சொற்பம். கோப்பு இழந்தோர் பங்கு, மேம்படுத்திய கணினிகளில் ஒரு விழுக்காட்டின் நூறில் ஒரு பகுதி, அதாவது பத்தாயிரத்தில் ஒன்று என்று மைக்ரோசாப்ட் பின்னர் கூறியது. அவ்வளவு அரிதான புகார், எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்திய பட்டியலில் மேலே வருவது எப்படி? சின்னம் ஒன்று பிடிக்கவில்லை என்பதற்கு ஆயிரம் வாக்குகள் விழலாம்; ஆவணங்கள் அழிந்தன என்பதற்கு மூன்று விழலாம்.

பாதிக்கப்பட்டவர்கள் அந்தக் கணினியை இயன்றவரை பயன்படுத்தாமல் உதவி மையத்தை அணுகும்படி கேட்டுக்கொள்ளப்பட்டனர். அழிந்த கோப்பு இருந்த இடத்தில் புதிய தரவு எழுதப்படாத வரைதான் அதை மீட்கும் வாய்ப்பு உண்டு. திருத்திய பதிப்பு முதலில் முன்னோட்டக் குழுவினருக்குச் சென்று, 2018 நவம்பர் 13 அன்று மீண்டும் வெளியானது. புகார் அளிக்கும் செயலியில், பிழையின் பாதிப்பு எவ்வளவு கடுமையானது என்பதைப் பயனரே குறிப்பிடும் வசதியும் அப்போது சேர்க்கப்பட்டது.